03/04/2024 என்றொரு தேதி

பெரியமேட்டில் தோல்பொருள் ஏற்றுமதி செய்கிற ஒரு சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. மார்ச் 31-ஓடு முடிந்த ஆண்டின் கணக்கை மூட வேண்டும். நியூயார்க், ஹாம்பர்க், கொழும்பு, சிங்கப்பூர், குவைத் என ஐந்து ஊர்களிலிருந்து வரவு. ஆம்பூரிலிருந்து தோல் வாங்கிய வகையில் செலவு. அவரவர் மெயிலில் அனுப்பியதை ஒருவர் காபி செய்து, ஒரே ஷீட்டில் அடுத்தடுத்து ஒட்டி வைத்திருக்கிறார். பார்த்த மேலாளர், "தேதியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாதிரி இல்ல தம்பி, ஒரே மாதிரி மாத்திடுங்க" என்கிறார். ஐந்து நிமிட வேலை என்பது அவர் எண்ணம். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் முடிந்தது என்பது பொதுவான கருத்தும்கூட. அந்தக் கருத்தை என்னால் ஒப்புக்கொள்ளவே முடிந்ததில்லை. ஏன் என்று சொல்ல, ஒட்டப்பட்ட அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன்.

```
03/04/2024    $1,250.00
04/15/2024    $980.50
03.04.2024    1.250 €
12.04.2024    2.187,40 €
03/04/24      Rs.1,25,000/-
16-04-2024    ரூ. 18,500.00
05/04/2024    Rs. 40,500.00
4 Apr 2024    $1,250
07/04/2024    KD 312.500
```

முதல் வரியைப் பாருங்கள். சென்னையில் வளர்ந்த யாரும் அதை ஏப்ரல் 3 என்றுதான் படிப்பார்கள். அனுப்பியவர் நியூயார்க்காரர் என்றால் அது மார்ச் 4. ஒரு மாத வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. மார்ச் 4 வந்த பணம் 2023-24 கணக்கைச் சேர்ந்தது. ஏப்ரல் 3 வந்தது 2024-25-ஐச் சேர்ந்தது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கிற ஒரே ஒரு தேதி, பணத்தை ஒரு நிதியாண்டிலிருந்து அடுத்ததற்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. எந்த வரி அசிங்கமாக இருக்கிறதோ அதைத்தான் எல்லோரும் திருத்தப் பார்க்கிறார்கள். இங்கே கெட்டுக் கிடப்பது அழகாக இருக்கிற வரி.

ஒட்டும்போதே நடப்பது

அலுவலகக் கணினி பெரும்பாலும் ஆங்கிலம் (இந்தியா) என்று அமைக்கப்பட்டிருக்கும். அதில் எக்செலைத் திறந்து மேலே உள்ள பட்டியலை நேரடியாக ஒட்டினால், நம்மைக் கேட்காமலேயே எக்செல் ஒரு முடிவு எடுத்துவிடுகிறது. முதல் வரியின் 03/04/2024-ஐ நாள்-மாதம் என்று படித்து, ஏப்ரல் 3-க்கு உரிய 45385 என்ற எண்ணாக உள்ளே வைத்துக்கொள்கிறது. மார்ச் 4 என்றால் அந்த எண் 45355 ஆக இருந்திருக்கும். இரண்டாவது வரியில் 15-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை என்பதால் 04/15/2024-ஐத் தொடாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே வாடிக்கையாளர் ஒரே மெயிலில் அனுப்பியவை. ஒன்று தவறான தேதியாகிவிட்டது, இன்னொன்று தேதியாகவே ஆகவில்லை.

அடுத்து நடப்பதுதான் உண்மையான சேதம். எக்செலில் தேதியும் எண்ணும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கிற 04/15/2024 கண்ணில் படுகிறது. அதைக் கையால் 15-04-2024 என்று திருத்துகிறோம். நெடுவரிசை முழுவதும் வலப்பக்கம் ஒழுங்காக நின்றதும் வேலை முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த இடப்பக்க வரிதான், 'இந்த வாடிக்கையாளர் மாதத்தை முதலில் எழுதுகிறவர்' என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு, குற்றவாளியை வரிசையில் விட்டுவிட்டோம்.

ஆகவே முதல் வேலை, மாற்றுவது அல்ல, மாறாமல் காப்பது. மெயிலிலிருந்து காபி செய்ததை முதலில் நோட்பேடில் ஒட்டி, UTF-8 ஆக ஒரு .txt கோப்பாகச் சேமித்து வையுங்கள். அந்தக் கோப்பை இனி யாரும் தொடக்கூடாது. பிறகு எக்செலில் புது ஷீட் திறந்து, எந்த நெடுவரிசைகளில் ஒட்டப் போகிறோமோ அவற்றைத் தேர்ந்தெடுத்து, `Format Cells`-இல் `Text` என்று மாற்றிவிட்டு, நோட்பேடிலிருந்து ஒட்டுங்கள். நோட்பேட் வழியாக வருவது ஒரு சடங்கு இல்லை. மெயிலில் இருக்கிற அட்டவணையை நேராக ஒட்டினால் அதன் வடிவமைப்பும் கூடவே வந்து, நீங்கள் போட்ட `Text` அமைப்பின் மேல் உட்கார்ந்துவிடும். கூகுள் ஷீட்ஸ் என்றால் `Format > Number > Plain text` போட்டுவிட்டு Ctrl+Shift+V. லிப்ரே ஆபீஸ் கால்க் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் மேல்: வெறும் எழுத்தாக ஒட்டும்போது ஒரு சாளரம் திறந்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் என்னவாகப் படிக்க வேண்டும் என்று கேட்கும். அங்கேயும் `Text` என்றே சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக் கெட்டுப்போன ஷீட் கையில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து ஏப்ரல் மாத வரிகள் நிறைய வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 04/01 முதல் 04/12 வரை உள்ளவை நம் ஊர்ப் பழக்கப்படி படிக்கப்பட்டால் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று டிசம்பர் 4 வரை சிதறும். நாள் எப்போதும் 4, மாதம் மட்டும் மாறிக்கொண்டே போகும். ஒரு வாடிக்கையாளரின் தேதிகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும்போது எல்லா மாதமும் ஒரே நாளில் பணம் வந்ததாகத் தெரிந்தால், அவர் அவ்வளவு ஒழுங்கானவர் என்று மகிழ வேண்டாம். ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டால், நாள் 12-க்குள் இருக்கிற தேதிகள் 144. அவற்றில் 04/04 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருபவை 12. மீதி 132 நாட்கள் இரண்டு விதமாகவும் படிக்கக் கூடியவை. வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

வரி சொல்லாததை அனுப்பியவர் சொல்வார்

இந்த வேலையில் எல்லாம் திரும்புகிற இடம் இதுதான். 03/04/2024 என்ற எட்டு இலக்கங்களையும் இரண்டு சாய்கோடுகளையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது மார்ச்சா ஏப்ரலா என்று தெரியாது. அந்தத் தகவல் அந்த வரிக்குள் இல்லை. அதை எழுதிய கை எப்படிப் பழகியது என்பதில் இருக்கிறது. எனவே வரி வரியாக வடிவத்தை ஊகிக்கிற எந்த முறையும் இங்கே தோற்கும். அது எவ்வளவு புத்திசாலித்தனமான சூத்திரமாக இருந்தாலும் சரி. ஊகிக்க வேண்டியது அனுப்பியவரை வைத்து.

ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும்: இந்த வரி யாரிடமிருந்து வந்தது. நம் பட்டியலில் முதல் இரண்டு வரிகள் நியூயார்க், அடுத்த இரண்டு ஹாம்பர்க், அடுத்த இரண்டு ஆம்பூர், பிறகு கொழும்பு, சிங்கப்பூர், குவைத். ஒட்டிய அன்றே இதைச் செய்தால் இரண்டு நிமிடம். ஒரு வாரம் கழித்துச் செய்தால் மெயில்களை மறுபடி தோண்ட வேண்டும். வரிகளை ஒருமுறை தேதி வாரியாக அடுக்கிவிட்டால் பிறகு யார் எது என்று பிரிப்பதே கஷ்டம். அதனால் அடுக்குவதற்கு முன், கண்டிப்பாக.

இப்போது அனுப்பியவர் ஒவ்வொருவரிடமும் சாட்சி தேடலாம். நியூயார்க் குவியலில் 04/15 இருக்கிறது. 15 மாதமாக இருக்க முடியாது. ஆக அந்தக் கை மாதத்தை முதலில் எழுதுகிறது; 03/04 மார்ச் 4. ஹாம்பர்க்கில் 03.04, 12.04 இரண்டுமே 12-க்குள்தான், இலக்கத்தில் சாட்சி இல்லை. ஆனால் புள்ளி வைத்துத் தேதி எழுதுவது ஜெர்மானியப் பழக்கம், அதில் நாள்தான் முதலில் வரும். ஆம்பூரில் 16-04 இருக்கிறது, நாள் முதலில். சிங்கப்பூர்க்காரர் மாதத்தை எழுத்தில் எழுதி நமக்குப் பெரிய உதவி செய்துவிட்டார்.

கொழும்பும் குவைத்தும் ஆளுக்கு ஒரே வரி. இங்கே துணைக்கு வருவது நாட்காட்டி. நாம் உட்கார்ந்திருப்பது ஏப்ரல் 22-இல். 05/04 மே 4 என்றால், 07/04 ஜூலை 4 என்றால், இரண்டும் இன்னும் வராத நாட்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பணத்துக்கு வருங்காலத் தேதி இருக்க முடியாது. ஏப்ரல் 5, ஏப்ரல் 7 என்று முடிவு. ஏப்ரல் 7 ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, வங்கி ஏது என்று சிலர் அதைத் தள்ளிவிடக் கூடும். குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். கிழமையை வைத்துச் சரிபார்க்கிறவர்கள் அனுப்பியவர் ஊரின் கிழமையை வைத்துப் பார்க்க வேண்டும்.

நாட்காட்டிச் சோதனை நியூயார்க் வரிக்கு உதவவில்லை என்பதைக் கவனியுங்கள். மார்ச் 4 திங்கள், ஏப்ரல் 3 புதன். இரண்டும் வேலை நாள், இரண்டும் கடந்துபோன நாள். அங்கே 04/15 என்ற உடன்பிறப்பு இல்லாதிருந்தால் நமக்கு வழியே இல்லை. உடன்பிறப்பு இருந்தும், அந்த ஒரு வரியை நம்பி நிதியாண்டு மாறுகிறது என்பதால், நம் வங்கி கொடுத்த இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது. எல்லா வரிக்கும் அதைச் செய்ய நேரம் இருக்காது. மார்ச்-ஏப்ரல் எல்லையைத் தாண்டக்கூடிய வரிகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே அனுப்புநரின் குவியலில் 04/15-உம் 16/04-உம் சேர்ந்து இருந்தால், அது ஒரு கை அல்ல, இரண்டு. நியூயார்க் அலுவலகம் தன் சென்னை ஏஜென்ட் எழுதியதையும் சேர்த்து ஃபார்வர்டு செய்திருக்கலாம். அப்போது குவியலை இரண்டாகப் பிரித்து, எந்த வரி எந்த மெயிலின் எந்தப் பகுதியில் இருந்தது என்று மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். 12-க்குள் இருக்கிற வரிகளைப் பெரும்பான்மை வாக்கு போட்டு முடிவு செய்யக் கூடாது.

புள்ளியும் கமாவும்

தொகையிலும் இதே கதைதான், ஆனால் இங்கே ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்கிற அழிவு இன்னும் வேகமானது. ஹாம்பர்க்கின் 2.187,40-ஐப் பார்த்த ஒருவர், 'புள்ளியை எடுத்துவிட்டு, கமாவைப் புள்ளியாக்கினால் சரி' என்று நெடுவரிசை முழுவதும் அதைச் செய்கிறார். 2.187,40 சரியாக 2187.40 ஆகிவிடும். கூடவே நியூயார்க்கின் 1,250.00 முதலில் 1,25000 ஆகி, பிறகு 1.25000 ஆகும். ஆயிரத்து இருநூற்றைம்பது டாலர், ஒன்றேகால் டாலர். அடுத்த வரியின் 980.50 போய் 98050 ஆகும். ஒன்று ஆயிரம் மடங்கு சுருங்கியது, இன்னொன்று நூறு மடங்கு பெருத்தது. இரண்டுமே ஒழுங்கான எண்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஒரு தொகையைப் படிக்கும்போது, புள்ளியும் கமாவும் இரண்டும் இருந்தால், வலது ஓரத்தில் இருப்பதுதான் தசமக் குறி. 2.187,40-இல் கமா, 18,500.00-இல் புள்ளி. ஒரே குறி இரண்டு முறை வந்தால் அது பிரிப்பான், 1,25,000 அப்படித்தான். நம் லட்சக் கணக்கு இரண்டிரண்டு இலக்கமாகப் பிரிப்பதால், மூன்றிலக்கப் பிரிப்பை மட்டும் எதிர்பார்க்கிற வெளிநாட்டு நிரல்கள் இங்கே தடுமாறும். குறி ஒன்றுதான், அதன் பின்னால் இரண்டே இலக்கம் என்றால் அது தசமம். இதுவரை எளிது. குறி ஒன்றே ஒன்று, பின்னால் சரியாக மூன்று இலக்கம் என்கிறபோதுதான் வரி வாயை மூடிக்கொள்கிறது.

நம் பட்டியலில் அப்படி மூன்று இருக்கின்றன: ஹாம்பர்க்கின் 1.250, சிங்கப்பூரின் 1,250, குவைத்தின் 312.500. முதலும் கடைசியும் ஒரே வார்ப்பு: எண், புள்ளி, மூன்று இலக்கம். ஆனால் ஹாம்பர்க்கில் அந்தப் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, உடன்பிறப்பான 2.187,40 அதற்குச் சாட்சி. ஆக 1250 யூரோ. குவைத்தில் அந்தப் புள்ளி தசமம். குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். அதனால் தொகையைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமாக எழுதுவார்கள். ஓமான் ரியாலும் பஹ்ரைன் தினாரும் அப்படியே. முந்நூற்றுப் பன்னிரண்டரை தினார், அப்போதைய மதிப்பில் லட்சத்துக்கும் குறைவான ரூபாய். அதை 312500 என்று படித்தால் எட்டுக் கோடிக்கு மேல் போகும். பெரியமேட்டில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு ஒரே பில்லில் வருகிற தொகையா அது என்று கேட்டாலே விடை தெரியும். இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தால் உறுதியாகும்.

குவைத் வரியில் இன்னொரு கண்ணி உண்டு. எல்லாத் தொகையையும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாக வட்டமாக்கிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். 312.505 என்று ஒரு தொகை வந்தால் அது 312.51 ஆகி, வங்கித் தாளோடு என்றைக்கும் பொருந்தாது. இலக்க எண்ணிக்கையை நாணயம் தீர்மானிக்கட்டும்.

எக்செலில் இதைச் செய்ய ஒரு நல்ல சூத்திரம் இருக்கிறது, எக்செல் 2013 முதல். எது தசமக் குறி, எது பிரிப்பான் என்று நாமே சொல்லிவிடலாம்:

```
=NUMBERVALUE("2.187,40", ",", ".")
```

இது 2187.4 தரும். இதில் எனக்குப் பிடித்தது, தவறான வரியை இதற்குக் கொடுத்தால் அது தயங்காமல் முறையிடும் என்பது. ஹாம்பர்க்கின் விதியில் நியூயார்க்கின் 1,250.00-ஐக் கொடுத்துப் பாருங்கள்: தசமக் குறிக்குப் பிறகு பிரிப்பான் வருகிறது என்பதால் `#VALUE!` என்று நின்றுவிடும். ஃபைண்ட்-ரீப்ளேஸ் அமைதியாக 1.25 கொடுத்த அதே இடம். ஆனால் வெறும் 1,250-ஐக் கொடுத்தால் இதுவும் 1.25 என்றுதான் சொல்லும். மூன்றிலக்கச் சிக்கலை எந்தச் சூத்திரமும் தீர்க்காது.

ரூ. என்பதன் புள்ளி

நாணயக் குறியை எடுப்பது இருப்பதிலேயே சுலபம் என்று நினைப்பார்கள். எண், புள்ளி, கமா தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரு கட்டளை. ஆம்பூர் வரியில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். `Rs.1,25,000/-` என்பதில் R போகும், s போகும், ஆனால் Rs-க்குப் பின் உள்ள சுருக்கப் புள்ளி தங்கிவிடும். கமாவையும் எடுத்தால் கையில் நிற்பது .125000. ஒன்றே கால் லட்சம், பன்னிரண்டரைக் காசு ஆகிவிட்டது. `ரூ. 18,500.00`-இல் இரண்டு புள்ளி மிஞ்சும். அது எண்ணாகவே மாறாது, அதனால் அதாவது கண்ணில் படும். முன்னது படாது. ஆகவே 'வேண்டாததை நீக்கு' என்று போகாமல், 'முதல் இலக்கத்திலிருந்து தொடங்கு' என்று எடுக்க வேண்டும்.

பின்னால் இருக்கிற `/-` இன்னொரு வினை. காசோலையில் யாரும் இலக்கம் சேர்த்துவிடாதபடி நாம் போட்டுப் பழகிய குறி அது. 'கழித்தல் குறி இருந்தால் எதிர்மறைத் தொகை' என்று எழுதிய நிரலுக்கு அது கடனாகத் தெரியும். முதலில் `/-`-ஐ நீக்கிவிட்டு, பிறகுதான் கழித்தல் குறியையும் அடைப்புக்குறிக்குள் உள்ள தொகைகளையும் தேட வேண்டும். வங்கி ஸ்டேட்மெண்டில் தொகைக்குப் பின் வரும் Cr வரவைக் குறிக்கும். மனை விற்பவர் பட்டியலில் அதே Cr கோடி. அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி, யார் அனுப்பியது என்பதே.

₹ குறி 2010 ஜூலை 15-இல் ஏற்கப்பட்டது. அப்போது எழுத்துருக்களில் அது இல்லாததால், ஆங்கில விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள பின்சாய்ந்த ஒற்றைக் குறியின் இடத்தில் ₹ வடிவத்தை வைத்த ஓர் எழுத்துரு பரவியது. அதில் தட்டிய பழைய பில்களைக் காபி செய்து ஒட்டினால் 1,250-க்கு முன்னால் ஒரு சிறிய பின்சாய்ந்த கோடு மட்டும் நிற்கும். தட்டச்சுப் பிழை என்று தோன்றும், அது ரூபாய்.

ஆனால் குறியை நீக்குவதைவிடப் பெரிய விஷயம், அதை எதுவாக மாற்றுவது என்பது. நம் பட்டியலில் $ மூன்று வரிகளில் இருக்கிறது. இரண்டு அமெரிக்க டாலர், ஒன்று சிங்கப்பூர் டாலர். Rs இரண்டு வரிகளில். ஒன்று ஆம்பூர், இன்னொன்று கொழும்பு. அது இலங்கை ரூபாய். குறியைக் கழற்றி எறிந்துவிட்டு கூட்டினால் வருகிற எண்ணுக்கு எந்த ஊரிலும் பொருள் இல்லை. குறிக்குப் பதிலாக USD, SGD, INR, LKR, EUR, KWD என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைத் தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும், கூட்டலும் நாணயம் வாரியாகத்தான். ரூபாய்க்கு மாற்றுவது வேறு வேலை, வேறு நாள். அதற்கு எந்த நாள் மாற்று விகிதம் என்ற கேள்வி வரும், அந்த நாளே நமக்கு இப்போதுதான் சரியாகிறது.

நிரலாக எழுதினால்

பத்து வரி என்றால் கையால் போதும். மாதாமாதம் நூற்றுக்கணக்கில் வந்தால் பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import re
from datetime import date
from decimal import Decimal

RULE = {
    "NY":  ("MDY", ",", ".", "USD"),
    "HH":  ("DMY", ".", ",", "EUR"),
    "AMB": ("DMY", ",", ".", "INR"),
    "CMB": ("DMY", ",", ".", "LKR"),
    "KW":  ("DMY", ",", ".", "KWD"),
}

def clean(src, d, amt):
    order, group, dec, cur = RULE[src]
    p = dict(zip(order, map(int, re.split(r"[/.-]", d.strip()))))
    y = p["Y"] + 2000 if p["Y"] < 100 else p["Y"]
    n = re.search(r"\d[\d.,]*", amt).group()
    if dec in n and group in n[n.index(dec):]:
        raise ValueError(amt)
    n = n.replace(group, "").replace(dec, ".")
    return date(y, p["M"], p["D"]).isoformat(), Decimal(n), cur
```

மேலே சொன்னது எல்லாம் அந்த `RULE` அட்டவணையில்தான் இருக்கிறது. கீழே உள்ளது வெறும் கூலி வேலை. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு அனுப்புநரின் பழக்கம். சிங்கப்பூரின் `4 Apr 2024` இதில் நுழையாது, பிழையோடு நின்றுவிடும்; அப்படி நிற்பதே வேண்டும். எதிர்மறைத் தொகைகளை இது கவனிக்காது என்பதால் அடைப்புக்குறியும் கழித்தல் குறியும் உள்ள வரிகளை முன்பே ஒதுக்கிவிட வேண்டும். தொகைக்கு `float` வேண்டாம், `Decimal` போதும், 312.500-இன் கடைசிச் சுழியம்கூட அதில் அப்படியே நிற்கும்.

இதையே எக்செலில் `DATE` கொண்டு செய்யப் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பைத்தானின் `date`-இடம் 15-ஆம் மாதம் என்று கொடுத்தால் மறுத்துவிடும். எக்செலின் `=DATE(2024,15,4)` மறுக்காது. 12 மாதத்தைக் கடந்து அடுத்த ஆண்டுக்கு உருண்டு, 2025 மார்ச் 4 என்று கொடுக்கும். நாளும் மாதமும் இடம் மாறியதற்கான ஒரே தடயத்தையும் அது துடைத்துவிடுகிறது. `DATE` பயன்படுத்தினால் பக்கத்து நெடுவரிசையில் அதன் `MONTH` நாம் கொடுத்த மாதத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு சோதனை வையுங்கள்.

சிங்கப்பூர் வரியைக் கையால் சேர்த்தபின் கிடைப்பது:

```
NY    2024-03-04     1250.00   USD
NY    2024-04-15      980.50   USD
HH    2024-04-03     1250      EUR
HH    2024-04-12     2187.40   EUR
AMB   2024-04-03   125000      INR
AMB   2024-04-16    18500.00   INR
CMB   2024-04-05    40500.00   LKR
SG    2024-04-04     1250      SGD
KW    2024-04-07      312.500  KWD
```

ஆண்டு-மாதம்-நாள் வரிசை ISO 8601 தரம். இதை எந்த ஊர்க்காரரும் மாற்றிப் படிக்க மாட்டார், எழுத்தாகவே அடுக்கினாலும் காலவரிசையில் நிற்கும். மூல நெடுவரிசைகள் இரண்டையும் இதன் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு அனுப்புநரின் கூட்டுத்தொகையும் அவர் அனுப்பிய ஸ்டேட்மெண்டின் அடியில் இருக்கும் மொத்தத்தோடு காசு பிசகாமல் ஒத்துவர வேண்டும். ஹாம்பர்க்குக்கு 3437.40. வராவிட்டால், வித்தியாசத்தைப் பார்த்தே எங்கே தவறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்: 1250-ஐ 1.25 என்று படித்திருந்தால் மொத்தம் சரியாக 1248.75 குறையும்.

சில வரிகளுக்குச் சாட்சியே கிடைக்காது. புதிய வாடிக்கையாளர், ஒரே வரி, 02/03/2024, இன்வாய்ஸும் கையில் இல்லை. அந்தத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டு, அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். 'தேதியை உறுதிப்படுத்தவும்' என்று கேட்டால் 'ஆம், 02/03/2024' என்றே பதில் வரும். 'பிப்ரவரி 3-ஆ, மார்ச் 2-ஆ' என்று மாதப் பெயரை எழுத்தில் போட்டுக் கேளுங்கள்.